தராசு இல்லாத வீட்டில் புரதக் கணக்கு: உள்ளங்கையும் பொத்திய கையும்



கிளினிக்கிற்குப் போய்வந்த தாய்மார் பலர் ஒரே விடயத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "புரதம் காணாது, புரதம் கூட்டிச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். எவ்வளவு எண்டு கேட்டால் அறுபது கிராம், எழுபது கிராம் எண்டினம். வீட்டில தராசு இல்லை. நான் அதை எப்படி அளக்கிறது?"

இது நியாயமான கேள்வி. எங்கள் வீடுகளில் சுண்டு இருக்கும், அகப்பை இருக்கும், சிரட்டை இருக்கும். சமையலறைத் தராசு இருக்கிற வீடு மிகக் குறைவு. தராசு இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நூறு கிராம் மீனில் நூறு கிராம் புரதம் இல்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே நிறுத்துப் பார்த்தாலும் புரதம் எவ்வளவு என்பது தெரியாது. இந்த மாதம் எங்கள் கையையே அளவையாக வைத்து அந்தக் கணக்கைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

ஒருவருக்கு எவ்வளவு வேண்டும்?

வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது உலக சுகாதார தாபனம் 2007 இல் வெளியிட்ட அளவு. இது முட்டை, பால், மீன் போன்ற நல்ல தரமான புரதத்தை வைத்துச் சொல்லப்பட்டது. சோற்றிலும் பருப்பிலும் இருந்து கிடைக்கும் புரதம் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கணக்கிற்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மனதில் நிற்பதும் சுலபம். உங்கள் நிறை 48 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம். நாலு வயது அளவிலுள்ள பிள்ளைகளுக்கும் இதே கணக்கையே வைத்துக்கொள்ளலாம். 14 கிலோ பிள்ளைக்கு 14 கிராம்.

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் இதற்கு மேல் ஏறத்தாழ 20 கிராம் வேண்டும். கர்ப்பிணிக்குத் தொடக்கத்தில் மேலதிகம் மிகக் குறைவு. நடு மாதங்களில் 10 கிராம் அளவிலும், கடைசி மூன்று மாதங்களில் 30 கிராம் அளவிலும் கூட்டிக்கொள்ள வேண்டும். நிறை தெரியாவிட்டால் கிளினிக் அட்டையைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும்.

கையில் இருக்கும் மூன்று அளவைகள்

முதலாவது உள்ளங்கை. மணிக்கட்டுக் கோட்டில் தொடங்கி விரல்கள் தொடங்கும் இடம் வரை. விரல்கள் சேராது. தடிப்பு உங்கள் சுண்டுவிரலின் தடிப்பு. இந்த அளவு அகலமும் தடிப்பும் உள்ள, முள்ளும் எலும்பும் இல்லாத சமைத்த மீன் அல்லது கோழி இறைச்சித் துண்டில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கும். துண்டைக் கையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. கோப்பைக்கு மேலே கையை விரித்துப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது பொத்திய கை. இது அவித்த தானியங்களுக்கு. கௌபி, பயறு, கடலை போன்றவற்றை அவித்துத் தண்ணீர் வடித்து, பொத்திய கை அளவு குவித்தால் அதில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் உண்டு. ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட் இதே அளவில் 15 கிராம் அளவு தரும். சோறு இதே அளவில் 4 கிராம்தான் தரும். பிட்டுக்கும் இடியப்பத்திற்கும் சோற்றின் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சிறங்கை. விரல்களைச் சேர்த்து, கையைக் குழித்து, சமைக்காத பருப்பை அள்ளும் அளவு. பிடியரிசி எடுத்து வைத்த எங்கள் அம்மம்மாமாருக்கு இது பழகிய அளவைதான். ஒரு சிறங்கை மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் உண்டு.

இவற்றோடு ஒரு முட்டைக்கு 6 கிராம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டியது இவ்வளவுதான்:

உள்ளங்கை மீன் அல்லது கோழி: 20
பொத்திய கை சோயா மீட்: 15
பொத்திய கை அவித்த கௌபி, பயறு, கடலை: 12
சிறங்கை பச்சைப் பருப்பு: 9
முட்டை ஒன்று: 6
பொத்திய கை சோறு: 4

பொத்திய கை உள்ளங்கையை விடப் பெரியதாயிற்றே, பிறகு ஏன் கௌபிக்கு 12, மீனுக்கு 20 என்று நீங்கள் கேட்கலாம். அவிந்த கௌபியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சத்திலும் பெரும்பகுதி மாப்பொருள். மீனில் தண்ணீர் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி புரதம். அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு வேறு அளவைகள் வைத்திருக்கிறோம். ஒரு கை கௌபியை ஒரு கை மீனாக எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

உங்கள் கை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்

எல்லோருடைய கையும் ஒரே அளவு இல்லை. அது பெரிய குறை அல்ல. பொதுவாகப் பெரிய உடம்புக்குப் பெரிய கையும் சிறிய உடம்புக்குச் சிறிய கையும் இருப்பதால், அவரவர் கையால் அவரவர் பங்கை அளக்கும்போது தேவையும் அளவும் ஓரளவு சேர்ந்தே போகும். ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒருவர் கையால் அளந்து சமைக்கும்போது அந்தக் கையின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத் தராசு தேவையில்லை. கடையில் நிறுத்துக் கட்டிய பைக்கற்றே எங்கள் தராசு. அரைக் கிலோ மைசூர்ப் பருப்பு வாங்கி வந்ததும் ஒரு சுளகில் கொட்டி, சிறங்கை சிறங்கையாக அள்ளிப் பாத்திரத்தில் போட்டு எண்ணுங்கள். பதினான்கு சிறங்கை வந்தால் ஒரு சிறங்கை 35 கிராம். பருப்பின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். ஆகவே சிறங்கைக்கு 9 கிராம். உங்களுக்குப் பன்னிரண்டு சிறங்கைதான் வந்ததென்றால் உங்கள் கை சற்றுப் பெரியது, சிறங்கைக்கு 10 என்று வையுங்கள். பதினாறு வந்தால் 8. இதை வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும்.

போரில் விரல்களையோ கையையோ இழந்த சகோதரிகளும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். உள்ளங்கை அளவுக்கு விரல்கள் தேவையில்லை. ஒரு கை இல்லாதவர்கள் மற்றக் கையைப் பயன்படுத்தலாம். சிறங்கை அள்ள முடியாதவர்கள் அரைக் கிலோ பருப்பைப் பதினான்கு சம குவியல்களாகப் பிரித்து, ஒரு குவியல் சரியாக நிறையும் சின்னக் கோப்பையோ ரின் மூடியோ ஒன்றைத் தேடி எடுத்து, அதை அளவையாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்திய கைக்குப் பதிலாக வீட்டிலுள்ள தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்து, வீட்டில் இன்னொரு வளர்ந்த பெண்ணின் பொத்திய கையோடு ஒப்பிட்டு, எதுவரை நிரப்ப வேண்டும் என்று ஒரு கோடு போட்டுவிடலாம். கண்பார்வை குறைந்தவர்களுக்கும் இந்தக் கோப்பை முறையே வசதி.

பருப்புச் சட்டியில் ஏமாறும் இடம்

எங்கள் வீடுகளில் புரதக் கணக்கு அதிகம் பிழைப்பது பருப்புக் கறியில்தான். ஆட்கள் கூடினால் என்ன செய்கிறோம்? தண்ணீர் கூட்டுகிறோம். கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுகிறோம். சட்டி நிறைகிறது. ஆளுக்கு இரண்டு அகப்பை விழுகிறது. பார்க்க எல்லோருக்கும் பருப்புக் கிடைத்தது போலத்தான் இருக்கும். ஆனால் சட்டியில் போட்டது இரண்டு சிறங்கை என்றால் அதில் இருப்பது 18 கிராம் புரதம் மட்டுமே. நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாலரைக் கிராம். அகப்பையை எத்தனை தடவை விட்டாலும் அது கூடாது. தேங்காய்ப்பால் ருசியும் கொழுப்பும் தரும், சொல்லக்கூடிய அளவு புரதம் தராது.

ஆகவே பருப்புக்கு மட்டும் சமைத்த பின் அளக்க வேண்டாம். சட்டியில் போடுமுன் சிறங்கையால் எண்ணி, சாப்பிடும் ஆட்களால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சிறங்கை போட்டால் ஆளுக்கு 9 கிராம்.

வேறு யாரோ சமைத்த பருப்பு என்றால், உதாரணமாகக் கோயில் அன்னதானத்திலோ உறவினர் வீட்டிலோ, அகப்பையின் நுனியால் பருப்பின் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அப்படியே நின்றால் தடித்த பருப்பு, பொத்திய கைக்கு 12 என்று கணக்கிடலாம். கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீர்ப் பருப்பு, பாதியோ அதற்கும் குறைவோதான்.

மீனிலும் கருவாட்டிலும் கவனிக்க வேண்டியவை

சூடை, கீரி போன்ற சிறு மீன்களை அப்படியே உள்ளங்கையில் வைத்து அளந்தால் தலையையும் முள்ளையும் சேர்த்து எண்ணியதாகிவிடும். சமைத்த மீனின் சதையை முள்ளிலிருந்து எடுத்து, பரப்பி, உள்ளங்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையில் நிறுத்து வாங்கும்போது இன்னும் சுலபம். அரைக் கிலோ சிறு மீன் வாங்கினால் தலை, குடல், முள் போக ஏறத்தாழப் பாதிதான் சதை. அது அவிந்த பின் இரண்டரை உள்ளங்கை வரும். அதாவது ஏறத்தாழ 50 கிராம் புரதம். முள்ளோடு சேர்த்து மென்று தின்னும் நெத்தலியில் வீணாவது இதைவிடக் குறைவு.

கருவாட்டில் தண்ணீர் வற்றியிருப்பதால் புரதம் செறிந்திருக்கும். முள் நீக்கிய கருவாடு அரை உள்ளங்கை எடுத்தால் ஒரு உள்ளங்கை பச்சை மீனுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் உப்பு மிக அதிகம். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். பிறசர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தினமும் நம்பியிருக்கக் கூடாது.

மீன் குழம்பு, சொதி ஆகியவற்றைப் புரதக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். துண்டு யாருக்குப் போனதோ புரதமும் அவருக்குத்தான் போனது. தேநீரில் விடும் பால்மாவும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டாலும் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில் செய்த கணக்கை இங்கே தருகிறேன். வீட்டுத் தலைவி 2009 இல் கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்கிறார். அவருடைய மகள் நாலு மாதக் குழந்தைக்குப் பாலூட்டுகிறார். மகளின் மூத்த பிள்ளைக்கு நாலு வயது. உயர்தரம் படிக்கும் மகன் ஒருவரும் இருக்கிறார். மருமகன் வேறு மாவட்டத்தில் மேசன் வேலை. ஆகவே சட்டியிலிருந்து சாப்பிடுவோர் நாலு பேர்.

மகளின் நிறை 48 கிலோ. பாலூட்டுவதால் 20 கூட்டினால் அவருக்கு ஒரு நாளைக்கு 68 கிராம் தேவை. முதல் நாள் என்ன சாப்பிட்டார் என்று மூவருமாக இருந்து எண்ணினோம்.

காலையில் ஒன்றரைப் பொத்திய கை பிட்டும் சம்பலும்: 6 கிராம். மத்தியானம் இரண்டு பொத்திய கை சோறு: 8. பருப்பு, இரண்டு சிறங்கையில் நாலில் ஒரு பங்கு: நாலரை. மீன் கால் உள்ளங்கை: 5. இரவு மீண்டும் இரண்டு பொத்திய கை சோறும் மிஞ்சிய குழம்பும்: 8. மொத்தம் 31 கிராமும் சொச்சமும். தேவையில் பாதி கூட இல்லை.

"வயிறு நிறையத்தானே சாப்பிடுறன்," என்றார் மகள். அது உண்மைதான். அவர் பட்டினி கிடக்கவில்லை. சோறு வயிற்றை நிரப்பியது, புரதத்தை நிரப்பவில்லை.

அன்று வாங்கியது அரைக் கிலோ சூடை. இரண்டரை உள்ளங்கை. அது எங்கே போனது என்று கேட்டேன். மகனுக்கு ஒன்றேகால், நாலு வயதுப் பேரனுக்கு முக்கால், மகளுக்குக் கால், தாய்க்குக் கால். பேரனுக்கு முக்கால் உள்ளங்கை கொடுத்தது தாயின் கையால் அளந்து. அதாவது 15 கிராம். 14 கிலோ நிறையுள்ள அந்தப் பிள்ளைக்கு முழு நாளுக்கும் தேவையான புரதம் அந்த ஒரு வேளை மீனிலேயே போய்விட்டது. இரண்டு துண்டை அவன் தின்னாமல் கோப்பையில் விட்டும் இருந்தான்.

இதற்கு வழி, பிள்ளையின் பங்கைப் பிள்ளையின் கையால் அளப்பது. அவனுடைய உள்ளங்கை அம்மம்மாவின் உள்ளங்கையில் ஏறத்தாழக் கால் பங்குதான் இருந்தது. அவனுடைய உள்ளங்கை மீன் 5 கிராம், முட்டை ஒன்று 6 கிராம், மிச்சம் சோற்றிலும் பருப்பிலும் கிடைத்துவிடும். மீனை இப்படிப் பிரித்தோம்: மகனுக்கு ஒன்று, மகளுக்கு முக்கால், தாய்க்கு அரை, பேரனுக்குக் கால். அதே அரைக் கிலோ, அதே காசு.

பருப்பை இரண்டு சிறங்கையிலிருந்து நாலாகக் கூட்டினோம். காலையில் பிட்டோடு மகளுக்கு ஒரு பொத்திய கை அவித்த கௌபி. அதற்குப் பச்சைக் கௌபி ஒன்றரைச் சிறங்கை போதும், இரவே ஊறப் போட்டுவிட வேண்டும். பின்னேரம் ஒரு முட்டை. இப்போது கணக்கைப் பாருங்கள்.

காலை: பிட்டு 6, கௌபி 12. மத்தியானம்: சோறு 8, பருப்பு 9, மீன் முக்கால் உள்ளங்கை 15. பின்னேரம்: முட்டை 6. இரவு: சோறு 8. மொத்தம் 64. தேவை 68. இந்த நாலு கிராம் வித்தியாசத்திற்காகக் கவலைப்பட வேண்டாம். கை அளவையில் முன்பின்னாக ஐந்தில் ஒரு பங்கு பிசகுவது இயல்பு. 31 இற்கும் 64 இற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இந்த முறை காட்டும். 64 இற்கும் 68 இற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

மீன் வாங்காத நாட்களில் என்ன செய்வது என்று தாய் கேட்டார். முக்கால் உள்ளங்கை மீன் 15, ஒரு பொத்திய கை சோயா மீட் 15. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்.

கூடுதல் பருப்புக்கும் கௌபிக்கும் காசு எங்கே? அந்த வீட்டில் பெரியவர்களின் தேநீருக்கு மட்டும் மாதத்தில் பல பைக்கற்றுப் பால்மா முடிந்துகொண்டிருந்தது. 400 கிராம் பால்மாவில் ஏறத்தாழ 100 கிராம் புரதம் உண்டு. அரைக் கிலோ பருப்பில் ஏறத்தாழ 120 கிராம் உண்டு. இரண்டின் விலையையும் உங்கள் ஊர்க் கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் வெறுந்தேநீருக்கு மாறி, பேரனுக்கு மட்டும் பால் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் அவனுக்கு வேண்டிய கல்சியமும் இருக்கிறது.

இன்னொரு மாற்றம் பரிமாறும் முறையில். அந்தத் தாய் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். அவருடைய நிறை 45 கிலோ, அவருக்கும் 45 கிராம் வேண்டும். கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குக் குழம்பு மிஞ்சும், துண்டு மிஞ்சாது. "கடைசியில சாப்பிடுறது எனக்குப் பழகிப்போச்சு பிள்ளை," என்றார். கடைசியில் சாப்பிடட்டும், அதில் தவறில்லை. ஆனால் கறி இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறுமுன், அவருடைய அரை உள்ளங்கை மீனையும் பருப்புப் பங்கையும் ஒரு கோப்பையில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். கை அளவு தெரிந்த பின் தன் பங்கு எது என்று அவருக்கும் தெரியும், வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும். இப்போது அந்தக் கோப்பையை மூடி வைப்பது மகனின் பொறுப்பு.

இந்த அளவை சொல்லாதவை

சோற்றைக் குறைத்துப் புரதம் கூட்ட முயலாதீர்கள். உடம்புக்கு வேண்டிய சக்தி சோற்றிலும் மாவிலும் எண்ணெயிலும் கிடைக்காவிட்டால், உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும். அப்போது மீன் தின்ற பயன் கிடைக்காது. அதோடு சோற்றில் குறையும் ஒரு பகுதியைப் பருப்பு ஈடு செய்கிறது. பருப்பில் குறைவதைச் சோறு ஈடு செய்கிறது. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடும்போது புரதத்தின் தரமும் உயரும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் சிறுநீரக நோய் உள்ள குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களுக்கு எவ்வளவு புரதம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சில வேளைகளில் குறைக்கச் சொல்வார். அவர் சொல்லும் கிராமை உள்ளங்கையாக மாற்றிக்கொள்ள மட்டும் மேலே தந்த இலக்கங்களைப் பயன்படுத்துங்கள்.

கர்ப்ப காலத்தில் கை வீங்கியிருந்தால் அந்தக் கை அளவைக்கு உதவாது. முன்பே அளந்து வைத்த கோப்பையைப் பயன்படுத்துங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, வீக்கத்தோடு தலையிடியோ பார்வை மங்கலோ இருந்தாலோ அதைச் சாப்பாட்டுக் குறை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிள்ளைகளில் அளவு சரியா பிழையா என்பதைக் கை சொல்லாது, வளர்ச்சி அட்டைதான் சொல்லும். நிறைக் கோடு ஏறாமல் நின்றாலோ கீழே இறங்கினாலோ, சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் அட்டையைக் காட்டுங்கள். இரண்டு பாதங்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து நிற்குமானால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கிளினிக்கில் தரும் திரிபோஷ யாருடைய பெயரில் தரப்பட்டதோ அவருக்கு உரியது. தாயின் பெயரில் வந்தது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கானால், தாயின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

அடுத்த முறை பருப்புப் பைக்கற்றை உடைக்கும்போது முதலில் சுளகில் கொட்டிச் சிறங்கையால் எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணிக்கையைப் பருப்பு ரின்னின் மேல் எழுதிவிட்டு, நேற்று நீங்கள் சாப்பிட்டதை ஒரு கடதாசியில் கூட்டிப் பாருங்கள். உங்கள் நிறையில் பாதிக்கும் குறைவாக வந்தால், அந்தக் கடதாசியை அடுத்த கிளினிக் நாளில் கையோடு கொண்டுபோங்கள். "புரதம் காணாது" என்று சொல்லும் உத்தியோகத்தரிடம், எந்த வேளையில் எவ்வளவு காணாது என்று நீங்களே காட்டிக் கேட்கலாம்.